சொதி திரிந்த இரவு

வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவனும் ஒருத்தியும் பொதுச் சமையலறையில் சேர்ந்து சமைக்கிறார்கள். சத்தமில்லாமல் ஒருவரையொருவர் விரும்பத் தொடங்குகிறார்கள். இந்தக் கருவை வைத்துச் சிறுகதை எழுத நினைப்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது காதலைப் பற்றி இல்லை. அந்தச் சமையலறை எங்கே இருக்கிறது, அதற்குள் இந்த இருவரும் எப்படி வந்தார்கள் என்பதைத்தான். வளைகுடா நாடுகளில் இதற்கு விடை கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபமில்லை.

கட்டட வேலைக்குப் போனவர்கள் தங்கும் லேபர் கேம்ப்பில் பெண்கள் கிடையாது. வீட்டு வேலைக்குப் போன பெண் எஜமானர் வீட்டிலேயே தங்குகிறாள். அங்கே அவள் சமைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் வேறொரு தொழிலாளி வந்து நிற்க வழியில்லை. ஆகவே கதைக்கு மூன்றாவது வகை இடம் வேண்டும். துபாயில் சத்வா, கராமா, தேரா போன்ற பழைய பகுதிகளில் அது உண்டு. ஒருவர் வில்லாவையோ ஃபிளாட்டையோ மொத்தமாக வாடகைக்கு எடுப்பார். பிளைவுட் தடுப்பு வைத்து, கட்டில் கட்டிலாக உள்வாடகைக்கு விடுவார். பெட் ஸ்பேஸ் என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். ஓர் அறையில் நாலைந்து பெண்கள், முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஆண்கள், நடுவில் ஒரே ஒரு சமையலறை. நம் கதை நடக்கக்கூடிய வீடு இதுதான்.

இடம் முடிவானதும் வருடத்தை முடிவு செய்ய வேண்டும். உறவில்லாத ஆணும் பெண்ணும் ஒரே கூரையின் கீழ் குடியிருப்பது 2020 நவம்பரில் சட்டம் திருத்தப்படும் வரை அமீரகத்தில் குற்றம். அறைகள் வேறுவேறாக இருந்தாலும் அந்தப் பயம் வீடு முழுக்க இருக்கும். அதற்கு மேல் நகராட்சியின் பயம். ஒரு வில்லாவில் ஒரு குடும்பம்தான் இருக்கலாம் என்று துபாய் நகராட்சி 2008 வாக்கில் கடுமையாக நடவடிக்கை எடுத்ததும், ஒரே வீட்டில் நெருக்கியடித்து இருந்தவர்கள் பெட்டியோடு வெளியேறியதும் பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். அதனால் கதையை நான் 2019இல் வைப்பேன். அந்த வருடத்தில் இந்த இருவரும் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு அவர்களின் சுபாவம் மட்டும் காரணமாக இருக்காது. பக்கத்துக் கட்டிலில் திரும்பிப் படுத்தால் கேட்கிற வீடு அது. கட்டில் போனால் அதே வாடகையில் இன்னொன்று கிடைப்பது கஷ்டம். மாட்டிக்கொண்டால் வேலையே போகலாம். இதையெல்லாம் சொல்லாமல், இருவரும் கூச்சப்பட்டார்கள் என்று மட்டும் எழுதினால் கதை எந்த ஊரிலும் நடக்காத கதையாகிவிடும்.

இனி ஆட்கள். அவனை முத்துவேல் என்று வைத்துக்கொள்வோம். ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம், முப்பத்திரண்டு வயது, சத்வாவில் ஒரு காய்கறிக் கடையில் வேலை. விடியும் முன்னால் கடை வண்டியில் அல் அவீர் மொத்தச் சந்தைக்குப் போய்ச் சரக்கு ஏற்றி வருவான். மதியம் இரண்டு மணி நேரம் தூக்கம். மறுபடி கடை. இரவு ஒன்பதுக்கு வீடு. சம்பளம் 1,400 திர்ஹாம்.

அவள் சுகந்தி. மட்டக்களப்பு. அதே பகுதியில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை, காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை. நாள் முழுக்க த்ரெடிங். பருத்தி நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுபக்கத்தை இரண்டு கை விரல்களிலும் சுற்றி, வாடிக்கையாளரின் புருவத்தில் ஓட்டும் வேலை. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பேர் வந்தால் ஆள்காட்டி விரலின் உட்பக்கத்தில் நூல் கோடு கோடாகத் தோலை வெட்டியிருக்கும். இந்த விரல்கள் கதைக்குப் பிறகு வேண்டும்.

இருவருக்கும் தமிழ்தான் மொழி என்பது கதைக்கு வசதி. ஆனால் அவன் சாப்பாடு புளியில் நிற்பது, அவளுடையது தேங்காய்ப்பாலில் நிற்பது. ஒரே மொழி பேசும் இருவருக்கு நடுவில் இருக்கிற இந்த தூரம் எனக்குப் பிடித்திருக்கிறது. பேச்சு புரிந்துவிடுகிறது, சட்டியில் என்ன இருக்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அந்த வீட்டில் சமையலறை நேரம் சுவரில் எழுதி ஒட்டியிருக்கும். பெண்கள் அறைக்கு எட்டு முதல் ஒன்பது. ஆண்கள் அறைக்கு ஒன்பது முதல் பத்து. இரண்டு அடுப்பு, ஒரு சிலிண்டர். இரண்டு அடுப்பில் ஒன்றின் குமிழ் உடைந்து பல நாளாகிறது. சரிசெய்யச் சொன்னால் வீட்டை எடுத்தவர், அடுத்த மாதம் பார்க்கலாம் என்பார். கதையைத் தொடங்கி வைப்பது இந்த உடைந்த குமிழ்தான். அவன் ஒன்பது மணிக்கு அரிசியைக் கழுவிக்கொண்டு வரும்போது அவளுடைய சட்டி இறங்கியிருக்காது. அவன் வாசலிலேயே நிற்பான்.

"அண்ணன், உங்கட அரிசியையும் தாங்க. நாளைக்கு நான் சோறு வைக்கக்குள்ள சேர்த்து வைக்கிறன். நீங்க வந்து கறியை மட்டும் பாருங்க."

இதைப் பாசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கேஸ் மிச்சம், நேரம் மிச்சம். ஒரு கப் அரிசிக்கு எரிவதைவிட இரண்டு கப்புக்குக் கொஞ்சம்தான் கூடுதலாக எரியும். முதல் சந்திப்பில் கணக்கு மட்டும்தான் இருக்க வேண்டும் என்பேன். பார்த்தவுடன் மனம் பறிகொடுத்தால் மீதிப் பக்கங்களில் எழுத ஒன்றும் இருக்காது. மறுநாள் அவன் அரிசிக்குப் பதில் கொண்டுவருவதும் கணக்குதான்: கடையில் மறுநாளைக்குத் தாங்காத கத்தரிக்காய், வாடின கறிவேப்பிலை, நாலைந்து எலுமிச்சம்பழம். முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்ன சரக்கு.

அடுத்து அவர்கள் சேர்ந்து சமைக்கும் ஒரு பண்டத்தைக் கதை முழுக்கக் கொண்டுபோக வேண்டும். நான் சொதியைத் தேர்ந்தெடுப்பேன். அதன் செய்முறையிலேயே கதைக்கு வேண்டிய திருப்பங்கள் இருக்கின்றன. தேங்காய் துருவிப் பால் பிழிய அந்த வீட்டில் இடமும் இல்லை, நேரமும் இல்லை, தேங்காய்ப்பால் பவுடர்தான். இரண்டு பேருக்கு என்றால் மூன்று கரண்டிப் பவுடரை இரண்டு கப் வெதுவெதுப்பான நீரில் கரைத்தால் தண்ணிப்பால். நாலு கரண்டியை அரைக் கப்பில் கரைத்தால் கெட்டிப்பால். பச்சைத் தண்ணீரில் போட்டால் கட்டி கட்டும், அதனால் வெந்நீரைக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்ற வேண்டும். ஒரு வெங்காயம், கீறின பச்சை மிளகாய் மூன்று, வெந்தயம் ஒரு சிட்டிகை, மஞ்சள், கறிவேப்பிலை, கிடைத்தால் ஒரு துண்டு ரம்பை இலை. உருளைக்கிழங்கை ஒரு விரல் கனத்துக்கு நறுக்கித் தண்ணிப்பாலில் எல்லாவற்றோடும் வேகவிட வேண்டும். கிழங்கு வெந்த பிறகு தீயைக் குறைத்து உப்பும் கெட்டிப்பாலும். அதற்குப் பிறகு மூடக்கூடாது, கையை எடுக்கக்கூடாது. கரண்டியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருந்து, ஓரத்தில் முதல் கொதி தெரிந்ததும் இறக்கிவிட வேண்டும். புளிப்பு கடைசி. அடுப்பை அணைத்து, சட்டி கொஞ்சம் அடங்கிய பிறகுதான் எலுமிச்சை. கொதிக்கும்போது பிழிந்தாலும் திரியும், கெட்டிப்பாலை விட்டபின் தீ கூடினாலும் திரியும். திரிந்தால் பார்த்தவுடன் தெரியும். மேலே எண்ணெய் தனியாக மிதக்கும், கீழே வெள்ளைத் துகள் துகளாக நிற்கும். ருசி போய்விடாது, சாப்பிடலாம். ஆனால் செய்தவளுக்கு வெட்கமாக இருக்கும்.

இப்போது அந்த விரல்களுக்கு வருவோம். முதல் சில நாள் அவளே எலுமிச்சை பிழிகிறாள். நூல் வெட்டிய இடத்தில் சாறு பட்டதும் கையை உதறி, குழாயைத் திறந்து விரலைத் தண்ணீரில் காட்டுகிறாள். அவன் பார்க்கிறான். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. அடுத்த நாள் அவள் அடுப்பை அணைத்த நேரத்தில், தட்டிலிருந்த பாதி எலுமிச்சையை அவன் எடுத்துப் பிழிந்து, கொட்டையைக் கரண்டியால் ஒதுக்கி எறிகிறான். அதற்கடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரத்தில் அது அவன் வேலையாகிவிடுகிறது. அவன் கடையில் இருந்துவிட்டு வருகிற நாளில் அவள் சொதியை இறக்கி வைத்துவிட்டு எலுமிச்சையை வெட்டாமல் காத்திருக்கிறாள்.

இந்தக் காட்சியை எழுதுபவருக்கு ஒரு பெரிய ஆசை வரும். அவன் மனதுக்குள் போய், இரக்கம், பிரியம் என்று நாலு வரி விளக்கம் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். பிழிகிற கையை மட்டும் காட்டினால் போதும், வாசகருக்குத் தெரிந்துவிடும். காட்சிக்கு உழைக்க வேண்டிய இடம் வேறு. த்ரெடிங் செய்யும் பெண்ணின் விரல் வெட்டுப்படும் என்பதைக் கதையின் முதல் பக்கத்திலேயே, இதற்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில், சாதாரணமாகச் சொல்லி வைத்திருக்க வேண்டும். பார்லரில் அவள் வேலை செய்வதைக் காட்டும்போது சொல்லிவிட்டால், சமையலறையில் விளக்கம் தேவைப்படாது.

காதல் வளர்வதை மணிக்கணக்கிலும் காட்டலாம். எட்டரைக்கே வீடு வந்துவிடும் அவள், முன்பெல்லாம் ஒன்பதுக்குள் முடித்துவிடுவாள். இப்போது எட்டே முக்காலுக்குத்தான் வெங்காயத்தை எடுக்கிறாள். அவனோ கடையில் கடைசிப் பெட்டியை உள்ளே தள்ளிவிட்டு, கூட நிற்பவர்களோடு டீ குடிக்காமல் புறப்படுகிறான். அவனுக்கும் அவளுக்கும் சேர்ந்து கிடைப்பது முதலில் பத்து நிமிடம், பிறகு இருபது, பிறகு அரை மணி. இருவரும் ஒருவருக்கொருவர் இதைச் சொல்லிக்கொள்ளவே இல்லை.

பேச்சும் சமையலைப் பற்றித்தான்.

"உங்க ஊர்ல மீனுக்குப் புளி ஊத்த மாட்டீங்களா?"

"ஊத்துவம். கொறுக்காப்புளி. நீங்க ஊத்துற அளவுக்கு ஊத்தினா எங்கட அம்மா சட்டியத் தூக்கி எறிஞ்சிருவா."

அவர்கள் பேசுவதைவிட ஃபோனில் பேசுவது கதைக்கு முக்கியம். அமீரகத்தில் வாட்ஸாப்பில் எழுதலாம், பேச முடியாது; அதனால் பெரும்பாலானவர்கள் வீட்டுக்குப் பேசுவது போட்டிம் செயலியில். அறையில் மற்றவர்கள் தூங்குவதால் சமையலறையில் நின்றுதான் பேச வேண்டும். அங்கே ஒன்பது மணி என்றால் ஊரில் பத்தரை. முத்துவேலின் அம்மா தினமும் தூங்காமல் இருந்து அழைப்பாள். "என்னய்யா சாப்ட்ட?" என்பாள். "பிரியாணிம்மா" என்பான். குப்பூஸும் தயிரும் சாப்பிட்ட நாளிலும் பிரியாணி, ஒன்றும் சாப்பிடாத நாளிலும் பிரியாணி. அடுப்புக்கு முன்னால் நிற்கும் சுகந்தி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவன் ஃபோன் மணி அடித்ததும் அவள் கரண்டியைச் சட்டியில் படாமல் பிடித்துக்கொள்வாள். பெண் குரலோ, பக்கத்தில் ஆள் இருக்கிற சத்தமோ அந்தப் பக்கம் போகக்கூடாது. அவளுக்கு அழைப்பு வரும்போது அவன் முற்றத்துக்குப் போய்விடுவான். இதுவும் அவர்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை.

அவன் பொய்யைக் கேட்ட பிறகு ஒருநாள் அவள், "வெள்ளிக்கிழமை கோழி எடுத்துட்டு வாங்க. பிரியாணி வைப்பம்" என்கிறாள். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். அவன் பொய்யை உண்மையாக்கிக் கொடுக்கிறாள் என்று எழுத்தாளர் குறுக்கே வந்து சொல்லத் தேவையில்லை.

கதையின் மையமான இரவு அதற்குப் பிறகு வருகிறது. அன்று அவன் சந்தையிலிருந்து வரும்போது வண்டி விபத்தில் சிக்கியதைச் சொல்கிறான். பின்னால் வந்த லாரி இடித்துப் பெட்டிகள் சரிந்தன. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, முழங்கையில் சிராய்ப்பு. அவன் சாதாரணமாகத்தான் சொல்லிக்கொண்டு போகிறான். கெட்டிப்பாலை விட்டுவிட்டுக் கலக்கிக்கொண்டிருந்த சுகந்தி திரும்பி அவன் முழங்கையைப் பார்க்கிறாள். கரண்டி சட்டியில் நின்றுவிடுகிறது. உடைந்த குமிழ் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பில் தீயைச் சரியாகக் குறைக்கவும் முடியாது. அவள் திரும்பிப் பார்க்கும்போது சொதி திரிந்து எண்ணெய் மிதக்கிறது.

அவள் அறையில் தங்கியிருக்கும் மூத்த பெண் ஒருத்தி, இலங்கைக்காரி, அன்று சாப்பிட உட்கார்ந்து கிண்ணத்தைப் பார்க்கிறாள். "நீ சொதிய ஒருநாளும் திரிய விட்டதில்லையே" என்கிறாள். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தில் வீட்டில் ஒருவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சுகந்திக்கும் அந்த நிமிடத்தில்தான் தெரிகிறது. கடிதம் கிடைப்பது, ஃபோனில் படம் இருப்பது, யாரோ ஒளிந்து பார்ப்பது என்று எத்தனையோ வழியில் இதை எழுதலாம். சமையலறைக் கதையில் சமையல் பிழையே காட்டிக்கொடுப்பதுதான் பொருத்தம். ஆனால் இது பலிக்க வேண்டுமென்றால், சொதி எதனால் திரியும் என்பதை வாசகர் ஏற்கெனவே தெரிந்துகொண்டிருக்க வேண்டும். செய்முறையை நான் அவ்வளவு விரிவாகச் சொன்னது அதற்காகத்தான். கதையிலும் முதல் நாளே அவன் எலுமிச்சையைக் கொதிக்கிற சட்டியில் பிழியப்போக, அவள் கையைத் தடுத்து, "இறக்கினாப் பிறகுதான், இல்லாட்டித் திரிஞ்சிரும்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு தொல்லை வருகிறது. பெரிய வில்லன் தேவையில்லை. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குச் சோதனை வந்ததாகக் கேள்விப்பட்டு, வீட்டை எடுத்தவர் பயப்படுகிறார். அவர் கெட்டவரில்லை, அவருக்கும் ஊரில் கடன். சுவரில் புதுத்தாள் ஒட்டுகிறார்: ஆண்கள் நேரம் இனி பத்து முதல் பதினொன்று, பெண்கள் நேரம் முடிந்து ஒரு மணி நேரம் சமையலறை பூட்டியிருக்கும். யாருடைய பெயரையும் அவர் எழுதவில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரிகிறது.

முதல் நாள் பத்து மணிக்கு முத்துவேல் கதவைத் திறக்கும்போது அடுப்பின் மேல் சட்டி மூடியிருக்கிறது. மூடியின் மேல் ஒரு முழு எலுமிச்சை, வெட்டாதது. அவன் சட்டியைத் தொட்டுப் பார்த்து, லேசாகச் சுடவைத்து, இறக்கி, பிழிகிறான். மறுநாள் அவன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து, பக்கத்தில் அன்றைக்கு வந்ததில் நல்ல தக்காளி இரண்டை வைத்துவிட்டுப் போகிறான். அவன் வைப்பது இனி வாடின சரக்கு கிடையாது. காசு கொடுத்து வாங்கியது. சில வாரம் இப்படிப் போகலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத இந்தப் பகுதியைக் கதையில் ஒரு பக்கத்துக்குமேல் எழுதலாம் என்றுகூடச் சொல்வேன். காதல் எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பது இங்கேதான் தெரிகிறது.

இனி முடிவு. கல்யாணத்தில் முடிக்கலாமா? அமீரகத்தில் ஒருவர் தன் விசாவில் குடும்பத்தை வைத்துக்கொள்ள 2019இல் கேட்கப்பட்ட சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும். முத்துவேலுக்கு அது எட்டாது. இருவருக்கும் தனித்தனி வேலை விசா இருக்கிறது என்றாலும் சேர்ந்து இருக்க ஓர் அறை வேண்டும், அதற்கு இரண்டு கட்டிலின் வாடகை போதாது. ஊருக்குத் திரும்பி எந்த நாட்டில் வாழ்வது என்ற கேள்வி வேறு இருக்கிறது. அவன் இந்தியக் கடவுச்சீட்டு, அவள் இலங்கைக் கடவுச்சீட்டு. இவ்வளவையும் ஒரு பத்தியில் தீர்த்து மாலை மாற்றினால் யாரும் நம்ப மாட்டார்கள். விமான நிலையத்தில் அழுதுகொண்டே பிரிவதும் எழுதி எழுதித் தேய்ந்த வழி. அந்த இருவரும் இத்தனை நாள் சேர்த்துவைத்த துணிச்சலுக்கு அது நியாயமும் இல்லை.

கதை அவர்களால் உடனே செய்ய முடிந்த ஒன்றில் முடிய வேண்டும். அவர்கள் இதுவரை செய்யாமல் இருந்தது, வீட்டுக்கு உண்மை சொல்வது. ஆகவே கடைசிக் காட்சி இப்படி. பத்து மணி. அவன் சட்டியைச் சுடவைத்துக்கொண்டிருக்கிறான். சுவரில் ஒட்டியிருக்கும் தாளைத் தாண்டி, அவள் நேரமில்லாத நேரத்தில், சுகந்தி உள்ளே வந்து அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொள்கிறாள். அவன் ஒன்றும் கேட்கவில்லை. ஃபோன் அடிக்கிறது. ஊரில் பதினொன்றரை, அம்மா இன்னும் தூங்கவில்லை.

"என்னய்யா சாப்ட்ட?"

"சொதிம்மா."

"அது என்னதுய்யா?"

"தேங்காப்பால்ல செய்றது. உருளைக்கிழங்கு போட்டு. கடைசியா எலுமிச்சம்பழம் பிழியணும். நான்தான் பிழிஞ்சேன்."

"யாரு செஞ்சு குடுத்தா?"

அவன் சுகந்தியைப் பார்க்கிறான். அவள் கரண்டி சட்டியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனை நாளும் மணி அடித்தால் நின்றுபோகிற கரண்டி.

"சுகந்தின்னு ஒரு பொண்ணும்மா. இங்கதான் வேலை பாக்குது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு நம் ஊர் அம்மாக்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியை அவளும் கேட்கிறாள். சாதி, மதம், சொந்தம், தூரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிடுகிற கேள்வி.

"எந்த ஊருப் புள்ளய்யா?"

அவன் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுப்புக்கு முன்னாலிருந்து அவள், ஃபோனில் கேட்கும்படி சத்தமாகச் சொல்கிறாள்:

"மட்டக்களப்பு எண்டு சொல்லுங்க."